பாக்கெட் ரவுட்டருக்கு பாஸ்வேர்டு இரண்டு

சட்டைப் பைக்குள் அடங்கும் வைஃபை பெட்டியின் பின்மூடியைக் கழற்றி, பேட்டரியையும் எடுத்துப் பாருங்கள். மூடியின் உட்புறத்திலோ பேட்டரிக்கு அடியிலோ பொடி எழுத்தில் அச்சிட்ட ஒரு தாள் ஒட்டியிருக்கும். மாடல் எண், ஐஎம்இஐ எண், வைஃபையின் பெயர், அதன் பாஸ்வேர்டு எல்லாம் அதில் இருக்கும். அவற்றுக்குக் கீழே பெரும்பாலோர் கவனிக்காத இன்னும் சில விவரங்கள் உண்டு: எண்களால் ஆன ஒரு முகவரி, ஒரு பயனர்பெயர், இன்னொரு பாஸ்வேர்டு. கடைக்காரர் பெட்டியைக் கையில் கொடுக்கும்போது முதல் பாஸ்வேர்டை மட்டும் காட்டுவார். இரண்டாவதைப் பற்றிப் பேச்சே எழாது. ஆனால் பெட்டியின் முழு அதிகாரமும் அந்த இரண்டாவதில்தான் இருக்கிறது.

முதல் பாஸ்வேர்டு வாசல் சாவி என்றால் இரண்டாவது பீரோ சாவி. வைஃபை பாஸ்வேர்டு தெரிந்தவர் உங்கள் இணையத்தைப் பயன்படுத்தலாம், அவ்வளவுதான். நிர்வாகப் பக்கத்தின் பாஸ்வேர்டு தெரிந்தவர் வைஃபையின் பெயரை மாற்றலாம், பாஸ்வேர்டை மாற்றலாம், யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று பார்க்கலாம், உங்களையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்தலாம். பாக்கெட் ரவுட்டரில் இன்னொரு விஷயமும் உண்டு. அதற்குள் இருப்பது சிம் கார்டு. அந்த எண்ணுக்கு வரும் குறுஞ்செய்திகளைப் பல மாடல்கள் நிர்வாகப் பக்கத்திலேயே காட்டும். அந்த எண்ணை ஏதாவதொரு கணக்குக்குக் கொடுத்திருந்தால் அதற்கு வரும் ஓடிபியும் அங்கேதான் வந்து விழும். வீட்டுச் சுவரில் மாட்டும் பிராட்பேண்ட் ரவுட்டரில் இந்தத் தொல்லை கிடையாது.

இந்தப் பெட்டிகள் பல கம்பெனிகளில் வந்தாலும் வேலை செய்யும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு மாடலை எடுத்துக்கொண்டு முழுதாகப் பார்த்தால் மற்றவற்றில் வழி கண்டுபிடிப்பது சிரமமில்லை. நம் ஊரில் ஏர்டெல் 4ஜி ஹாட்ஸ்பாட் என்ற பெயரில் விற்ற ஹுவாவே இ5573 இன்னும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் தெருவில் பத்தாம் வகுப்புக்கு டியூஷன் எடுக்கும் டீச்சரிடம் இருப்பதும் அதுதான்.

அவர் வீட்டில் நடந்தது இது. நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் ரீசார்ஜ். முன்பெல்லாம் இரவு வரை தாக்குப்பிடித்த டேட்டா, இப்போது மாலை வகுப்பு முடிவதற்குள் தீர்ந்துவிடுகிறது. கம்பெனிக்காரன் அளவில் ஏமாற்றுகிறான் என்பது அவர் கணவரின் தீர்ப்பு. ஒருநாள் வகுப்பு நடக்கும் நேரத்தில் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து பார்த்ததில் ஏழு கருவிகள் இணைந்திருந்தன. வீட்டில் இருப்பவை மூன்று. எப்போதோ ஒரு வீடியோ பாடத்துக்காக ஒரு மாணவனிடம் பாஸ்வேர்டைச் சொல்லியிருக்கிறார். அது பெஞ்சு பெஞ்சாகப் பரவியிருக்கிறது. பிள்ளைகளைக் குறை சொல்லவும் முடியாது. ஒருமுறை இணைந்த போன், வாசலுக்கு வந்ததுமே யாரையும் கேட்காமல் தானாக இணைந்துகொள்ளும்.

நிர்வாகப் பக்கம் இணையத்தில் எங்கோ இருக்கும் தளம் அல்ல. அது அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. பெட்டி என்பது சின்னக் கணினி. அதில் ஒரு குட்டி இணையதளம் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. பெட்டியோடு இணைந்திருப்பவர்களுக்கு மட்டுமே அது தெரியும். ஆகவே சிம்மில் ரீசார்ஜ் தீர்ந்திருந்தாலும் அந்தப் பக்கம் திறக்கும். இ5573-க்கு முகவரி இதுதான்:

```
http://192.168.8.1
```

192.168 என்று தொடங்கும் எண்கள் வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் மட்டும் பயன்படுத்துவதற்கென்று 1994-இல் ஒதுக்கப்பட்டவை. அதனால்தான் உலகம் முழுக்க லட்சக்கணக்கான பெட்டிகள் இதே முகவரியை வைத்திருந்தும் ஒன்றோடொன்று மோதிக்கொள்வதில்லை. ஜியோஃபை பெட்டிகளில் `http://jiofi.local.html` என்று அடிக்க வேண்டும். டிபி-லிங்க் பாக்கெட் ரவுட்டர்களில் `http://tplinkmifi.net`. தாள் கிழிந்துபோய் முகவரி தெரியாவிட்டால் போனே சொல்லும். ஆண்ட்ராய்டில் அந்த வைஃபையின் விவரத்தைத் தொட்டால் `Gateway` என்று இருக்கும். ஐபோனில் அதே இடத்தில் `Router` என்று இருக்கும். விண்டோஸ் கணினியில் கருப்புத் திரையைத் திறந்து `ipconfig` என்று அடித்தால் `Default Gateway` என்ற வரியில் வரும். மூன்றும் ஒரே எண்தான்.

இந்த முகவரி திறக்கவில்லை என்பதே முதல் புகாராக வரும். பெரும்பாலும் குற்றவாளி போனின் மொபைல் டேட்டா. பெட்டியில் ரீசார்ஜ் தீர்ந்திருந்தால், இந்த வைஃபையில் இணையம் இல்லை என்று போன் கண்டுகொண்டு, உங்களிடம் சொல்லாமலே தன் சொந்த சிம்முக்குத் தாவிவிடும். அங்கே போய் 192.168.8.1-ஐத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, விபிஎன் ஏதும் ஓடினால் அதையும் நிறுத்திவிட்டு மறுபடி பாருங்கள். முன்னால் `http://` சேர்க்காமல் அடித்தால் சில பிரவுசர்கள் அந்த எண்ணைக் கூகுளில் தேடப் போய்விடும். இன்னொன்று, பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காக இந்தப் பெட்டி சில நிமிடங்கள் யாரும் இணையாவிட்டால் வைஃபையை அணைத்துத் தூங்கிவிடும். பவர் பட்டனை ஒருமுறை தட்டினால் எழுந்துகொள்ளும். பக்கம் திறந்ததும் முகவரிக்குப் பக்கத்தில் `Not secure` என்று பிரவுசர் எச்சரிப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உங்கள் கையில் இருக்கும் பெட்டியோடுதான் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

லேப்டாப் இருப்பவர்கள் இந்த வேலைக்கு வைஃபையையே நம்ப வேண்டியதில்லை. பெட்டியை யூஎஸ்பி கேபிளால் கணினியில் சொருகினால் அதுவே ஒரு நெட்வொர்க்காக இணைந்து, அதே முகவரியில் அதே பக்கம் திறக்கும். கேபிள் மட்டும் சார்ஜ் ஏற்றுவதோடு டேட்டாவையும் கடத்துவதாக இருக்க வேண்டும். இந்த வழியில் ஒரு பெரிய நிம்மதி: வைஃபை பாஸ்வேர்டைத் தப்பாக அடித்துவிட்டாலும் நீங்கள் வெளியே தள்ளப்பட மாட்டீர்கள். கேபிள் வழியாக உள்ளே இருந்தபடியே திருத்திவிடலாம். டீச்சர் வீட்டில் அப்படித்தான் செய்தோம்.

பக்கம் திறந்ததும் பயனர்பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். இ5573-இல் இரண்டுமே `admin` தான். ஜியோஃபையில் இரண்டுக்கும் `administrator`. இது ரகசியமே அல்ல. ஒரே மாடலில் வந்த அத்தனை பெட்டிகளுக்கும் இதே சொல், கையேட்டிலேயே அச்சிட்டிருக்கிறது. இப்படி எல்லாப் பெட்டிக்கும் பொதுவாக ஒரே பாஸ்வேர்டு வைத்து விற்பதைத் தடுக்கும் சட்டம் கலிபோர்னியாவில் 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் அமலில் இருக்கிறது. அதனால் புதிய மாடல்கள் பலவற்றில் பெட்டிக்குப் பெட்டி வேறு பாஸ்வேர்டு இருக்கும், அல்லது முதல்முறை நுழைந்ததும் நீங்களே ஒன்றை உருவாக்கச் சொல்லும். நம் வீடுகளில் ஓடும் பழைய பெட்டிகளை இந்தச் சட்டங்கள் எட்டுவதில்லை.

இப்போது எதை முதலில் மாற்றுவது? வைஃபை பாஸ்வேர்டைத்தான் எல்லோரும் முதலில் மாற்றுவார்கள். பலர் அதோடு நிறுத்திவிடுவார்கள். டீச்சர் வீட்டு நிலைமையை யோசித்துப் பாருங்கள். புதிய வைஃபை பாஸ்வேர்டை நாளைக்கு ஒரே ஒரு மாணவனுக்குச் சொல்ல நேர்ந்தால் போதும். அவன் போனில் 192.168.8.1 என்று அடித்து, `admin` என்று இருமுறை தட்டினால் மொத்தப் பெட்டியும் அவன் கையில். பத்தாம் வகுப்புப் பையனுக்கு இது தெரியாது என்று நினைப்பவர்கள் அந்த வகுப்பில் ஒருநாள் உட்கார்ந்து பார்க்கலாம். ஆகவே நிர்வாக பாஸ்வேர்டுதான் முதலில் மாற வேண்டும். இதில் வசதியும் இருக்கிறது. இதை மாற்றினால் யாருடைய இணைப்பும் அறுபடாது.

இ5573-இல் `Settings` என்ற தலைப்புக்குப் போய், இடப்பக்கம் `System` என்பதை விரித்தால் `Modify Password` என்று இருக்கும். பழையதை ஒருமுறை, புதியதை இருமுறை அடித்து `Apply` கொடுத்தால் முடிந்தது. வெளியே வந்து, புதிய சொல்லோடு மறுபடி நுழைந்து ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். இந்தப் பாஸ்வேர்டை வேறு யாருக்கும் சொல்லத் தேவையே வராது. அதனால் இது எவ்வளவு நீளமாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரு நோட்டில் எழுதி வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். தொடர்ந்து சில முறை தவறாக அடித்தால் பக்கம் சில நிமிடங்களுக்குத் தன்னைப் பூட்டிக்கொள்ளும். அப்போது பதற்றப்பட்டு மேலும் மேலும் அடிக்காமல் காத்திருக்க வேண்டும்.

அடுத்து `Settings`-இன் கீழேயே `WLAN`, அதற்குள் `WLAN Basic Settings`. `WLAN` என்பது வைஃபைக்கு இந்தக் கம்பெனி வைத்திருக்கும் பெயர். `SSID` என்ற கட்டத்தில் இருப்பதுதான் உங்கள் போனில் தெரியும் வைஃபை பெயர். டீச்சருடைய பெட்டியில் `HUAWEI-E5573-8C1D` என்பதுபோல் நீளமாக ஒன்று இருந்தது.

"பாஸ்வேர்ட மாத்தினா போதாதா சார், பேரையும் எதுக்கு மாத்தணும்?" என்றார் டீச்சர்.

நியாயமான கேள்விதான். பெயரை மாற்றக் காரணங்கள் உண்டு. அந்தப் பெயரைப் பெட்டி நொடிக்குச் சுமார் பத்து முறை ஊருக்கெல்லாம் அறிவித்துக்கொண்டே இருக்கிறது. பேருந்தில் உங்கள் பக்கத்து இருக்கைக்காரர் போனைத் திறந்தால் அது தெரியும். பெயரிலேயே மாடல் எண் இருந்தால், இந்தப் பெட்டிக்கு முகவரி என்ன, தொடக்க பாஸ்வேர்டு என்ன என்பதையும் சேர்த்தே சொன்னதாகிறது. அடுத்தது நடைமுறைக் காரணம். பெயரை அப்படியே வைத்து பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால், பழைய பாஸ்வேர்டை நினைவில் வைத்திருக்கும் எல்லாக் கருவிகளும் அதையே திரும்பத் திரும்பக் கொடுத்துத் தோற்றுக்கொண்டிருக்கும். வீட்டில் உள்ளவர்கள் நெட் போய்விட்டது என்பார்கள். ஒவ்வொரு போனிலும் அந்த வைஃபையை `Forget` கொடுத்து அழித்துவிட்டுத்தான் மறுபடி இணைக்க வேண்டியிருக்கும். புதுப்பெயர் என்றால் எல்லோருக்கும் அது புது வைஃபை; நேராக பாஸ்வேர்டு கேட்கும்.

கடைசிக் காரணம் கொஞ்சம் உள்ளே போனால்தான் புரியும். `WPA2` என்று பெயர்பெற்ற பாதுகாப்பு முறையில், நீங்கள் அடிக்கும் பாஸ்வேர்டு அப்படியே சாவியாவதில்லை. அதோடு வைஃபையின் பெயரையும் சேர்த்து, ஒரு கணக்கை 4096 முறை சுழற்றி எடுத்து வருவதுதான் உண்மையான சாவி. பெயர் மாறினால் சாவியும் மாறும். இதனால் திருடனுக்கு ஒரு சிக்கல். லட்சக்கணக்கான பாஸ்வேர்டுகளுக்கு முன்கூட்டியே சாவி செய்து வைத்துக்கொள்ளலாம் என்றால், ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். உலகத்தில் அதிகம் புழங்கும் வைஃபை பெயர்களுக்கு அப்படிச் செய்து வைத்த பட்டியல்கள் உண்மையிலேயே இருக்கின்றன. நீங்களாக வைத்த, வேறெங்கும் இல்லாத ஒரு பெயர் அந்தப் பட்டியலில் இருக்காது.

அதற்காகப் பெயரில் கதவு எண்ணையோ, குடும்பத்தலைவர் பெயரையோ, கடைப் பெயரையோ போடுவது நல்லதல்ல. இந்தப் பெட்டி பையில் ஊர் சுற்றுவது. போகுமிடமெல்லாம் உங்கள் பெயரை அறிவிப்பானேன்? டீச்சர் `panangkizhangu` என்று வைத்தார். திருநெல்வேலிக்காரர். தமிழிலேயே வைக்க முடியாதா என்று அவர் கேட்டதற்குப் பதில், விதிப்படி முடியும் என்பதுதான். ஆனால் பெயருக்கு 32 பைட் மட்டுமே இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் ஒவ்வொரு மெய்வடிவத்துக்கும், அதோடு சேரும் கொம்பு, கால், புள்ளி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். 'நெல்லை' என்பது 18 பைட்டில் அடங்கிவிடும். 'திருநெல்வேலி' 36 பைட் ஆகி வெளியே நிற்கும். அதோடு பல பாக்கெட் ரவுட்டர்களின் பக்கம் ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் தவிர வேறெதையும் ஏற்பதில்லை.

பெயரை மறைத்துவிட்டால் என்ன என்று சிலர் யோசிப்பார்கள். அதே பக்கத்தில் `SSID broadcast` என்று ஒரு தேர்வு இருக்கும். அணைத்துவிட்டால் பெட்டி தன் பெயரை அறிவிக்காது. இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். பெட்டி வாயை மூடிக்கொண்டால் அதைத் தேடும் வேலை உங்கள் போனுக்கு வந்துவிடும். அது போகும் இடமெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கும். கருவி வைத்துக் கேட்பவருக்கு மறைத்த பெயரும் கிடைத்துவிடுகிறது. மிச்சம் என்னவோ வீட்டுக்காரர்கள் ஒவ்வொரு புதுக் கருவியிலும் பெயரைக் கையால் அடிக்கும் சிரமம் மட்டும்தான்.

பெயருக்குக் கீழே பாதுகாப்பு முறையைத் தேர்ந்தெடுக்கும் கட்டம். `WPA2-PSK` என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். `WPA/WPA2` என்று இரண்டும் கலந்த தேர்வு மிகப் பழைய கருவிகளுக்காக வைத்தது. `Open` அல்லது `None` என்றால் பாஸ்வேர்டே இல்லை. குறியாக்க முறை கேட்டால் `AES`. புதிய மாடலில் `WPA3` இருந்து, உங்கள் எல்லாக் கருவிகளும் அதை ஏற்றுக்கொண்டால் அது இன்னும் நல்லது. இ5573-இல் அது கிடையாது.

இனி `WPA pre-shared key`, அதாவது வைஃபை பாஸ்வேர்டு. 8 எழுத்துக்குக் குறையக் கூடாது, 63-ஐத் தாண்டக் கூடாது என்பது விதி. 8 என்ற கீழெல்லையையே எல்லையாக எடுத்துக்கொள்வதுதான் நம் வழக்கம். பிறந்த தேதி 8 இலக்கம். இல்லாவிட்டால் 10 இலக்க மொபைல் எண். இவை ஏன் ஆகாது என்பதைக் கணக்காகவே பார்க்கலாம்.

இந்த பாஸ்வேர்டை உடைக்க நினைப்பவர் உங்கள் பெட்டியின் முன் நின்று ஒவ்வொன்றாக அடித்துப் பார்ப்பதில்லை. உங்கள் போன் பெட்டியோடு இணையும் சில நொடிகளில் இரண்டும் பரிமாறிக்கொள்ளும் தகவலைக் காற்றிலிருந்து பதிவு செய்துகொண்டு போய்விடுவார். பிறகு தன் வீட்டில் உட்கார்ந்து கணினியில் சோதித்துப் பார்ப்பார். இங்கே பெட்டி பூட்டிக்கொள்ளவும் செய்யாது, உங்களுக்குத் தெரியவும் தெரியாது. வீடியோ கேம் விளையாட வாங்கும் ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டு நொடிக்குப் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பாஸ்வேர்டுகளைச் சோதித்துவிடும். பத்து லட்சம் என்றே வைத்துக்கொள்வோம். 8 இலக்க எண்கள் மொத்தம் பத்துக் கோடி. எல்லாவற்றையும் சோதிக்க 100 நொடி. பிறந்த தேதி என்றால் நூறு ஆண்டுகளுக்கும் சேர்த்து 37 ஆயிரத்துக்கும் குறைவான தேதிகளே உண்டு, கண் இமைக்கும் நேரம். நம் மொபைல் எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில் தொடங்குபவை. ஆகவே அதிகபட்சம் 400 கோடி எண்கள். 4,000 நொடி, ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம்.

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களைச் சேர்த்தால் கணக்கு தலைகீழாகிறது. ஐயாயிரம் சாதாரணச் சொற்களிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு நான்கை எடுத்தால் 625 லட்சம் கோடிச் சேர்க்கைகள் வரும். அதே கார்டு எல்லாவற்றையும் சோதித்து முடிக்கக் கிட்டத்தட்ட இருபது ஆண்டு ஆகும். 1.5 ஜிபி டேட்டாவுக்காக யாரும் அவ்வளவு நாள் காத்திருக்க மாட்டார்கள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டும். சினிமாப் பாட்டின் முதல் வரி, சாமி பெயர், பிள்ளைகள் பெயர் என்று மனசுக்குத் தானாக வருவதெல்லாம் மற்றவர்கள் மனசுக்கும் வரும். ஏதாவது ஒரு புத்தகத்தை நான்கு இடத்தில் பிரித்து, கண்ணில் பட்ட சொல்லை எடுப்பது நல்ல வழி.

தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஒரு வில்லங்கம் உண்டு. வாழை என்று சொன்னால் ஒருவர் `vazhai` என்று அடிப்பார், ஒருவர் `vaazhai`, இன்னொருவர் `valai`. வாய்ச்சொல்லாகச் சொன்ன பாஸ்வேர்டு வேலை செய்யாமல் போவது பெரும்பாலும் இதனால்தான். நெடிலும் ழகரமும் இல்லாத, எல்லோரும் ஒரே மாதிரி எழுதக்கூடிய சொற்களைத் தேர்ந்தெடுங்கள். `kudai-ammi-nari-sundal` என்பதுபோல. இதையே வைத்துவிடாதீர்கள், பத்திரிகையில் அச்சாகிவிட்டது. எல்லாம் சின்ன எழுத்தாக இருப்பது இன்னொரு வகையிலும் உதவும். டிவி ரிமோட்டை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடிக்கும்போது பெரிய எழுத்து, சின்ன எழுத்து, சிறப்புக் குறி என்று மாறி மாறிப் போவது பெரும் பாடு. பாஸ்வேர்டின் பலம் நீளத்தில் கிடைக்கும்போது குறிகளால் நம்மை நாமே வதைத்துக்கொள்ள வேண்டியதில்லை. பூஜ்யமும் `O`-வும், ஒன்றும் சிறிய `l`-உம் கையெழுத்தில் ஒன்றுபோல் தெரியும் என்பதால் அவற்றையும் தவிர்க்கலாம்.

பெயரையும் பாஸ்வேர்டையும் இரண்டு தவணையாக மாற்றாதீர்கள். இரண்டு கட்டத்தையும் நிரப்பி, பாஸ்வேர்டைப் புள்ளிகளாக மறைக்கும் தேர்வு இருந்தால் அதை எடுத்துவிட்டு, அடித்தது சரிதானா என்று கண்ணால் படித்து, காகிதத்திலும் எழுதிக்கொண்டு, அதற்குப் பிறகு ஒரே முறை `Apply` அழுத்துங்கள். அழுத்தியதும் நடப்பதைப் பார்த்துப் பலரும் கலங்கிவிடுகிறார்கள். பக்கம் அப்படியே உறைந்து நிற்கும், அல்லது இணைப்பு இல்லை என்று பிரவுசர் சொல்லும், போனில் வைஃபை அடையாளம் மறைந்துவிடும். எதுவும் கெட்டுப்போகவில்லை. புதிய பெயரோடு எழுந்திருப்பதற்காகப் பெட்டி வைஃபையை ஒருமுறை நிறுத்தித் தொடங்குகிறது. இணைந்திருந்த எல்லாக் கருவிகளும் அந்த நொடியே உதிர்ந்துவிடும், உங்கள் போனும் சேர்த்து. ஒரு நிமிடம் பொறுத்து வைஃபை பட்டியலைத் திறந்தால் புதுப்பெயர் வந்திருக்கும். பழைய பெயரே தெரிந்தால் மாற்றம் பதிவாகவில்லை என்று அர்த்தம். மறுபடி உள்ளே போய், எந்தக் கட்டம் சிவப்பாகி எதை மறுத்திருக்கிறது என்று பாருங்கள். பாஸ்வேர்டில் இடைவெளியோ தமிழ் எழுத்தோ நுழைந்திருப்பது வழக்கமான காரணம்.

டீச்சர் வீட்டில் மூன்று கருவிகளை மறுபடி இணைத்தோம். மாலை வகுப்பு தொடங்கியதும் பக்கத்தைத் திறந்து பார்த்தபோது பட்டியலில் அந்த மூன்று மட்டுமே இருந்தன. ஒரு பையன் மட்டும், "டீச்சர், உங்க வைஃபை வரமாட்டேங்குது" என்று உரிமையோடு வந்து நின்றான். கணவர் கம்பெனியை மன்னித்துவிட்டார்.

வீட்டில் பிரிண்டரோ, சிசிடிவி கேமராவோ இதே வைஃபையில் ஓடினால் மாற்றுவதற்கு முன்பே அவற்றைப் பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். திரை இல்லாத இந்தக் கருவிகளில் புதுப்பெயரைச் சேர்ப்பதற்கு ஒவ்வொன்றுக்கும் தனி வழி இருக்கும். `WPS` என்ற வசதியையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பாஸ்வேர்டு அடிக்காமலே இணைவதற்காக வந்தது அது. அதில் எட்டு இலக்க எண்ணை வைத்து இணையும் முறையை அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் உடைத்துவிடலாம் என்று 2011-இலேயே வெளிப்பட்டுவிட்டது. அந்த முறை இயங்கிக்கொண்டிருந்தால் நான்கு சொல் பாஸ்வேர்டு வைத்தும் பயனில்லை. அணைத்துவிடுங்கள்.

வைஃபை பாஸ்வேர்டு மறந்துபோனால் பெரிய கவலை இல்லை. கேபிளில் இணைத்து, நிர்வாகப் பக்கத்துக்குள் போய்ப் படித்துக்கொள்ளலாம். நிர்வாக பாஸ்வேர்டும் சேர்ந்து மறந்தால்தான் ரீசெட் தேவைப்படும். பின்மூடிக்குள் `Reset` என்று எழுதிய சின்னக் குழி அல்லது பட்டன் இருக்கும். பெட்டி இயங்கிக்கொண்டிருக்கும்போது ஊக்கு முனையால் அழுத்திப் பிடித்தால், விளக்கு அணைந்து பெட்டி மறுபடி தொடங்கும். அதோடு நீங்கள் செய்திருந்த அத்தனை மாற்றங்களும் போய்விடும். வேறு கம்பெனி சிம்முக்காக ஏபிஎன் விவரம் கையால் அடித்திருந்தால் அதுவும் போகும். அதை முன்பே ஒரு காகிதத்தில் எடுத்து வைத்திருந்தால்தான் இணையம் திரும்பும்.

பெட்டியை விற்கும்போதும் யாருக்காவது கொடுக்கும்போதும் இதே ரீசெட்டைச் செய்து, சிம்மைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள். பழையதாக ஒன்றை வாங்கினால் முதல் வேலையாக நீங்களே ஒருமுறை ரீசெட் செய்யுங்கள். ரீசெட்டுக்குப் பிறகு பின்மூடித் தாளில் அச்சிட்ட பழைய வைஃபை பாஸ்வேர்டும், பழைய `admin`-உம் அப்படியே உயிர்பெற்று வந்துவிடும். அந்தத் தாளை முன்பு யார் போட்டோ எடுத்து வைத்திருந்தாலும் அது அன்றிலிருந்து மறுபடி செல்லும். ஆகவே ரீசெட் செய்த கையோடு நிர்வாக பாஸ்வேர்டு, வைஃபை பெயர், வைஃபை பாஸ்வேர்டு மூன்றையும் இதே வரிசையில் மாற்றிவிடுங்கள்.